முதல் சேல்ஸ் வேலைக்கு லிங்க்ட்இன் சுருக்கம் எழுதுவது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் பட்டதாரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பி.காம் கடைசிப் பரீட்சை முடிந்த வாரம், குடியாத்தத்திலிருந்து என் தங்கை மகள் வந்திருந்தாள். காபி ஆறுவதற்குள் போனை நீட்டினாள். "மாமா, லிங்க்ட்இன்ல About எழுதிட்டேன். சேல்ஸ் வேலைக்குத்தான். பாத்துச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்பவள், தனியாகவும் குழுவாகவும் வேலை செய்யக்கூடியவள். என் திறமையை வளர்த்துக்கொள்ள வாய்ப்புத் தரும் நல்ல நிறுவனத்தில் சவாலான வேலையை எதிர்பார்க்கிறேன்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் மேலே இருக்கும் பெயரை விரலால் மறைத்துவிட்டால் இது யாருடையது என்று சொல்ல முடியாது. பிஸ்கட், சோப்பு விற்கும் கம்பெனிகளில் பதினாலு வருஷம் ஏரியா சுற்றியவன் நான். கடைசி ஆறு வருஷம் ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில் இருந்தது. இதே நாலு வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. படித்த எதுவும் ஞாபகத்தில் நின்றதில்லை.

அன்று மாலை வரை உட்கார்ந்து அதை மாற்றி எழுதினோம். அதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். ஃப்ரெஷர் யாராக இருந்தாலும் இதே வழியில் போகலாம்.

முதலில், எந்த சேல்ஸ்?

சேல்ஸ் என்பது ஒரு வேலை இல்லை. மளிகைக் கடைகளுக்குப் பொருள் போடும் ஃபீல்டு வேலை ஒன்று. நாள் முழுக்க போனில் பேசும் இன்சைட் சேல்ஸ் வேறு. டாக்டர்களைப் பார்க்கிற மெடிக்கல் ரெப் வேலைக்குப் பெரும்பாலும் பி.ஃபார்ம் அல்லது பி.எஸ்சி. கேட்பார்கள். பேங்க், இன்சூரன்ஸில் கணக்கு, பாலிசி பிடிக்கும் வேலை இன்னொரு வகை. நம் பக்கத்தில் இவை போக இன்னொன்றும் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளுக்குக் கெமிக்கல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கெமிஸ்ட்ரியோ லெதர் டெக்னாலஜியோ படித்தவர்களைத்தான் முதலில் தேடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சுருக்கம் எழுதினால் அது எதற்கும் பொருந்தாது. நாலைந்து வேலை விளம்பரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வருகிற சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஃபீல்டு வேலை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர், பீட், கலெக்‌ஷன், பைக் லைசென்ஸ் எல்லாம் வரும். இன்சைட் சேல்ஸ் என்றால் லீட், ஃபாலோ அப், சி.ஆர்.எம். என்று வரும். எந்தத் தாளைப் படிக்கும்போது "இது நான் ஏற்கெனவே கொஞ்சம் செய்ததுதானே" என்று தோன்றுகிறதோ, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் ஃபீல்டு வேலையைத் தேர்ந்தெடுத்தாள். "ஏசி ரூம்ல உக்காந்து போன் பேசினா எனக்குத் தூக்கம் வந்துடும் மாமா" என்றாள்.

அப்புறம், சரக்கு தேடுவது

இங்கேதான் அதிக நேரம் போகும், போக வேண்டும். எழுதுவது அரை மணி நேர வேலை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கிளறி எடுக்க எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

"நான் எதையும் வித்ததே இல்லையே மாமா" என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "உனக்கு விற்பனை அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும். அதனால் கேள்வியை மாற்றினேன். முன்பின் தெரியாத யாரிடமாவது போய்ப் பணம் கேட்டிருக்கிறாயா? முடியாது என்று சொன்ன ஆளிடம் மறுபடியும் போயிருக்கிறாயா? கை நீட்டிப் பணம் வாங்கி, ரசீது போட்டுக் கொடுத்திருக்கிறாயா?

கொஞ்ச நேரம் யோசித்தாள். "டிபார்ட்மென்ட் மலருக்கு விளம்பரம் பிடிக்கப் போனோம். அது கணக்கா?"

அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ரெஸ்யூமில் அது எப்படி இருந்தது தெரியுமா? "துறை விழா ஏற்பாட்டில் பங்கேற்றேன்." நாற்காலி போட்டவரும் அதையே எழுதலாம்.

நடந்ததை முழுசாகச் சொல்லச் சொன்னேன். மூன்று பேர் கடைகளைப் பிரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இவளுக்கு லாங் பஜாரும் ஆபீசர்ஸ் லைனும். முதல் நாள் காலை பதினொன்றரைக்கு லாங் பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நுழைந்திருக்கிறாள். லோடு இறங்கிக்கொண்டிருந்த நேரம். முதலாளி தலையே நிமிராமல் "அப்புறம் வாம்மா" என்றிருக்கிறார். அடுத்த கடையிலும் அதேதான். அன்று முழுக்கச் சுற்றி இரண்டு பேர் மட்டும் ஒப்புக்கொண்டார்கள்.

"அப்புறம் என்ன பண்ணே?"

"பத்து நாள் கழிச்சு மறுபடியும் போனேன். இந்தத் தடவை மூணு மணிக்கு மேல. கடை காலியா இருக்கும்ல. கையில போன வருஷ மலர எடுத்துட்டுப் போனேன். பக்கத்துக் கடைக்காரர் போட்டிருந்த விளம்பரத்தத் திறந்து காட்டிட்டு, 'அண்ணா, இவங்க போட்டிருக்காங்க, உங்க கடை இதுல இல்லயே'ன்னேன்."

இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரம் பார்த்துப் போவது, கையில் ஆதாரம் கொண்டுபோவது, பக்கத்துக் கடையைக் காட்டிப் பேசுவது. மூன்றையும் புது ரெப்புக்குப் பழக்க எனக்கு இரண்டு மாதமாவது ஆகும். இவள் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறாள், ஆனால் ரெஸ்யூமில் "பங்கேற்றேன்" என்று எழுதியிருக்கிறாள்.

உங்களுக்கு மலர் இல்லாமல் இருக்கலாம். தெருக் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனது, செமஸ்டர் லீவில் செருப்புக் கடையில் நின்றது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அம்மா செய்த ஊறுகாயை விற்றது, டியூஷனுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தது, எல்லாம் இதே வகைதான். படிப்பில் வாங்கிய மார்க்கை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அதற்கு Education பகுதி இருக்கிறது.

எண்ணிக்கை எடுப்பது

சேல்ஸ் மேனேஜர்கள் எண்ணில்தான் பேசுவார்கள். இன்று எத்தனை கடை ஏறினாய், எத்தனை பில் வெட்டினாய், எவ்வளவு கலெக்‌ஷன்? தினமும் சாயங்காலம் போனில் வருகிற மூன்று கேள்விகள் இவை. சுருக்கத்திலும் இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் படிக்கிறவர் கண் அங்கே நிற்கும்.

ஞாபகத்தை நம்ப வேண்டாம். ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, ஜி.பே. ஹிஸ்டரி, வாட்ஸ்அப் குரூப்பில் அன்றன்று போட்ட மெசேஜ், இவற்றைப் பார்த்து எழுதுங்கள். அவள் போனிலேயே எல்லாம் கிடைத்தது. மூன்று பேரும் சேர்ந்து 38 கடை. அதில் இவள் மட்டும் ஏறியது 16. முதல் தடவையில் ஒப்புக்கொண்டவை 2, இரண்டாம் தடவையில் 5, ஆக 7. ஏழில் ஒருவர் விளம்பரம் போட்டபிறகும் பணம் தரவில்லை. மீதி ஆறில் அரைப்பக்கம் 2,000 ரூபாய் வீதம் மூன்று, கால்பக்கம் 1,000 ரூபாய் வீதம் மூன்று. கையில் வந்தது 9,000 ரூபாய்.

இரண்டு இடத்தில் அவள் தடுமாறினாள். மூன்று பேரின் மொத்தத் தொகை 22,000. "அதையே போட்டுடலாமா? பெருசாத் தெரியும்" என்றாள். வேண்டாம் என்றேன். "நீங்க எத்தனை கடை போனீங்க" என்று இன்டர்வியூவில் முதல் நிமிஷமே கேட்பார்கள். 22,000 என்று எழுதிவிட்டு அங்கே 9,000 என்று சொன்னால், அப்புறம் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள். சேர்ந்து செய்ததைச் சேர்ந்து செய்ததாகவே சொல்லுங்கள், உங்கள் பங்கைத் தனியாகக் காட்டுங்கள்.

இன்னொன்று, பணம் தராத அந்தக் கடை. அதை மறைக்கப் பார்த்தாள். நான் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஆர்டர் எடுப்பது பாதி வேலை, பணம் வசூலாவதுதான் மீதி. அந்த வித்தியாசம் தெரிந்த ஃப்ரெஷர் அபூர்வம். ஏழு ஒப்புக்கொண்டது, ஆறு கொடுத்தது என்று எழுதியிருந்தால், படிக்கிற ஏரியா மேனேஜருக்கு அந்த ஏழாவது கடை எதுவாக இருக்கும் என்று கேட்கத் தோன்றும். அவரும் அப்படி எத்தனையோ கடையில் மாட்டியிருப்பார்.

எண்ணே இல்லாத அனுபவமும் இருக்கும். பெரியம்மாவின் கைலிக் கடையில் இரண்டு தீபாவளிக்கு இருபது இருபது நாள் நின்றிருக்கிறாள். எவ்வளவு விற்றாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் எத்தனை நாள், என்ன வேலை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். "விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். முன்பு எவ்வளவு விற்றது என்று கேட்டேன். அதைத்தான் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

முதல் மூன்று வரி

லிங்க்ட்இன் About பகுதியில் 2,600 எழுத்து வரை எழுதலாம். அத்தனையும் நிரப்ப வேண்டியதில்லை. ஃப்ரெஷருக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு எழுத்து போதும். இதைவிட முக்கியம், புரொஃபைலைத் திறந்தவருக்கு முதலில் தெரிவது மேலே இருக்கும் மூன்று நாலு வரிதான். மீதி "see more" அழுத்தினால்தான் விரியும். போனில் இன்னும் குறைவாகவே தெரியும். ஆள் எடுக்கிறவர்களில் பலர் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதோ, டிஸ்ட்ரிபியூட்டர் கடை வாசலிலோ போனில்தான் பார்க்கிறார்கள்.

அந்த மூன்று வரியில் பெயர், கல்லூரி, பட்டம் எதுவும் வேண்டாம். அவை மேலேயும் கீழேயும் ஏற்கெனவே இருக்கின்றன. "வணக்கம், நான் இன்னார்" என்ற வரவேற்பும் வேண்டாம். உங்களிடம் இருக்கிற பலமான சம்பவத்தை அப்படியே அங்கே வையுங்கள். நாங்கள் வைத்தது இது:

"கல்லூரி மலருக்கு விளம்பரம் கேட்டு வேலூரில் 16 கடை ஏறினேன். முதல் தடவை 2 கடை ஒப்புக்கொண்டது. மறுபடியும் போனபோது இன்னும் 5 ஒப்புக்கொண்டது."

இது ஏன் வேலை செய்யும் என்றால், ஃபீல்டு சேல்ஸே திரும்பப் போகிற வேலை. பீட் என்பது ஒவ்வொரு கிழமைக்கும் பிரித்து வைத்த கடை வரிசை. இந்தச் செவ்வாய்க்கிழமை "சரக்கு இருக்கு, வேண்டாம்" என்று சொன்ன அதே கடைக்கு அடுத்த செவ்வாயும் சிரித்த முகத்தோடு போக வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களில் பலர் முதல் மாதத்தில் ஓடுவது வெயிலுக்குப் பயந்து இல்லை, இதற்குப் பயந்துதான். (வேலூர் மே மாத வெயிலையும் குறைவாக எடைபோடச் சொல்லவில்லை.) மறுபடியும் போகிற ஆள் என்று முதல் மூன்று வரியிலேயே தெரிந்துவிட்டால், மேனேஜரின் பெரிய சந்தேகம் ஒன்று தீர்ந்துவிடும்.

இன்சைட் சேல்ஸ் வேலை என்றால் இதே சம்பவத்தின் வேறு பக்கத்தைக் காட்ட வேண்டும். இரண்டாம் தடவை போவதற்கு முன் போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்டாளா, யார் எப்போது வரச் சொன்னார்கள் என்று குறித்து வைத்தாளா, அந்தக் குறிப்பு முன்னால் வர வேண்டும். மெடிக்கல் ரெப் என்றால் காத்திருந்து, கிடைத்த இரண்டு நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைச் சொன்னது. சம்பவம் ஒன்றுதான், எடுத்து வைக்கிற கை வேறு.

நடுப்பகுதியும் முடிவும்

மூன்று வரிக்குப் பிறகு, அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். மேனேஜர் பார்ப்பது உங்கள் மூளை அந்த இடத்தில் எப்படி வேலை செய்தது என்பதை. அதற்கடுத்து இரண்டாவது அனுபவம், சுருக்கமாக. அப்புறம் வேலைக்குத் தேவையான விவரங்கள்: எந்த ஊர்களில் சுற்ற முடியும், என்ன மொழி பேசுவீர்கள், வண்டி ஓட்டுவீர்களா, எக்செல் எவ்வளவு தெரியும். கடைசியில் என்ன வேலை வேண்டும், எப்படித் தொடர்புகொள்வது.

ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆட்கள் இன்னும் நார்த் ஆற்காடு என்றே சொல்வார்கள். ஆனால் 2019-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் பிரிந்துவிட்டன. கம்பெனிகளின் ஏரியா அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரிவதில்லை. வேலூர் ஏரியா என்று பெயர் இருக்கும், உள்ளே ஆரணியும் ஆம்பூரும் இருக்கும். சென்னையில் உட்கார்ந்து தேடுகிற எச்.ஆருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அதனால் "வேலூர் மாவட்டம்" என்று மட்டும் எழுதாமல், நீங்கள் நிஜமாகவே போய்வரக்கூடிய ஊர்களின் பெயர்களைப் போடுங்கள். அவர்கள் தேடலில் அந்த ஊர்ப் பெயர் இருந்தால் உங்கள் பக்கமும் வர வாய்ப்பு உண்டு.

மொழி நம் பக்கத்துப் பிள்ளைகள் மறந்தே போகிற சொத்து. குடியாத்தம், காட்பாடி தாண்டினால் சித்தூர் எல்லை. தெலுங்கில் பேசினால் முகம் மலருகிற கடைக்காரர்கள் ஏராளம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் உருதுவுக்கும் அதே மரியாதை. இவள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். ஆனால் மொழிப் பகுதியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் போட்டிருந்தாள். "தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாதே மாமா" என்றாள். கடைக்காரரிடம் பேசத்தான் போகிறாய், பரீட்சை எழுதவா போகிறாய்? "பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது" என்று உள்ளதைப் போட்டோம்.

வண்டி விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். அப்போது அவளிடம் இருந்தது எல்.எல்.ஆர். மட்டும்தான். லைசென்ஸ் உண்டு என்று போட்டால், சேருகிற நாளில் காப்பி கேட்பார்கள். அதனால் லைசென்ஸ் கைக்கு வரும்வரை அந்த வரியையே விட்டுவிட்டோம். அடுத்த மாதம் வந்ததும் சேர்த்தாள்.

இதுதான் முடிவில் வந்த வடிவம். தமிழில் வரைந்துகொண்டு பிறகு ஆங்கிலமாக்கினோம், வரைவை இங்கே தருகிறேன்:

"கல்லூரி மலருக்கு விளம்பரம் கேட்டு வேலூரில் 16 கடை ஏறினேன். முதல் தடவை 2 கடை ஒப்புக்கொண்டது. மறுபடியும் போனபோது இன்னும் 5 ஒப்புக்கொண்டது.

முதல் தடவை காலையில் போனேன், கடைகளில் கூட்டம். இரண்டாம் தடவை மதியம் மூன்று மணிக்கு மேல், போன வருஷ மலரோடு போய், பக்கத்துக் கடையின் விளம்பரத்தைக் காட்டிப் பேசினேன். ஒப்புக்கொண்ட 7 கடையில் 6 பணம் கொடுத்தது. என் வசூல் 9,000 ரூபாய். மூன்று பேர் கொண்ட எங்கள் குழுவின் மொத்த வசூல் 22,000 ரூபாய்.

அதற்கு முன் குடியாத்தத்தில் எங்கள் குடும்பத்துக் கைலிக் கடையில் இரண்டு தீபாவளி சீசனில் தலா 20 நாள் வேலை செய்தேன். வாடிக்கையாளரிடம் பேசுவது, பில் போடுவது, சாயங்காலம் கல்லாக் கணக்குப் பார்ப்பது என் வேலை.

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதிகளில் தினமும் கடைகளுக்குப் போய்வர முடியும். தமிழ், ஆங்கிலம் தெரியும். தெலுங்கு பேசுவேன், எழுதப் படிக்கத் தெரியாது. எக்செலில் கூட்டல், ஃபில்டர், பைவட் டேபிள் தெரியும்.

பி.காம் முடித்துள்ளேன். நுகர்பொருள் கம்பெனியில் ஃபீல்டு சேல்ஸ் வேலை தேடுகிறேன். உடனே சேர முடியும். மெயில் முகவரி கீழே."

கடைசியில் மெயில் முகவரி மட்டும், போன் நம்பர் இல்லை. லிங்க்ட்இன் பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெண்பிள்ளைகள் நம்பரைப் போட்டால் என்னென்ன மெசேஜ் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பையன்களுக்கு வேறு வகைத் தொல்லை வரும்: "வேலை உறுதி, டெபாசிட் கட்டுங்கள்" என்று ஒரு குரல் பேசும். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆங்கிலமாக்கும்போது

ஆங்கிலத்தில் நேரடியாக எழுத உட்கார்ந்தால் கை தானாகவே அந்தப் பழைய "கடின உழைப்பாளி" பாட்டுக்குப் போய்விடும். அதனால்தான் தமிழ் வரைவு. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அதை அப்படியே சின்ன ஆங்கில வாக்கியமாக்குங்கள். விசிட்டட், ஆஸ்க்டு, கலெக்டட் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த இறந்தகால வினை போதும். "மைசெல்ஃப்" என்று ஆரம்பிக்காதீர்கள். டைனமிக், பேஷனேட் இரண்டையும் கண்ட இடத்தில் வெட்டுங்கள்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற அலங்கார எழுத்தில் மாற்றி ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். About பகுதியில் தடித்த எழுத்து போடும் வசதி கிடையாது, அதனால் இந்தக் குறுக்குவழி. அவை எழுத்து மாதிரி தெரிகிற வேறு குறியீடுகள். தேடும்போது அந்தச் சொல் அகப்படாமல் போகலாம். பார்வையற்றவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளும் அதில் தடுமாறும். பத்திக்குப் பத்தி ஒரு வரி இடைவெளி விட்டாலே கண்ணுக்கு இதமாக இருக்கும்.

மற்ற இடங்களோடு ஒத்துப்போகிறதா?

சுருக்கம் மட்டும் நன்றாக இருந்து, மேலே Headline பகுதியில் "வாய்ப்பு தேடும் மாணவர்" என்று கிடந்தால் பயனில்லை. அதில் 220 எழுத்து வரை இடம் உண்டு. அவளுடையதை இப்படி மாற்றினோம்: பி.காம் பட்டதாரி, ஃபீல்டு சேல்ஸ் வேலைக்குத் தயார், வேலூர் மற்றும் ராணிப்பேட்டை, தமிழ், ஆங்கிலம், தெலுங்கு.

மலர் வேலையையும் கைலிக் கடையையும் Experience பகுதியில் தேதியோடு சேர்த்தோம். சுருக்கத்தில் 16 என்றால் அங்கேயும் 16 இருக்க வேண்டும். ரெஸ்யூமிலும் அதேதான். ஒரு இடத்தில் 15, இன்னொரு இடத்தில் 20 என்று இருந்தால் அது கவனக்குறைவா பொய்யா என்று யோசிக்கும் வேலை படிப்பவருக்கு வந்துவிடும்.

Open to work என்பதை ஆன் செய்யும்போது ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவதா, எல்லாருக்கும் தெரிவதா என்று கேட்கும். வேலையில் இல்லாத ஃப்ரெஷர் மறைக்க ஒன்றுமில்லை, எல்லாருக்கும் தெரியட்டும். போட்டோவைச் சுற்றி அந்தப் பச்சை வளையம் வரும், அவ்வளவுதான்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "அப்படியா, எப்படி?" என்று யாராவது கேட்டால் ஒரு நிமிஷம் பேச முடியுமா என்று பாருங்கள். முடியாத வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். நானே மேனேஜராக உட்கார்ந்து அவளைக் கேட்டேன். பைவட் டேபிளில் மாட்டினாள். கல்லூரியில் ஒரு தடவை பார்த்ததுதானாம். "அப்போ எடுத்துடவா?" என்றாள். எடுக்கலாம், அல்லது கற்றுக்கொள்ளலாம். மலர் கணக்கையே எக்செலில் போட்டு, தெருவாரியாக எத்தனை கடை, எவ்வளவு பணம் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அந்த வரி தங்கிவிட்டது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு கடைக்காரர் வேண்டும். எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியிடம் தமிழ் வரைவைப் படித்துக்காட்டினோம். கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "பணம் தராத அந்த ஆளுகிட்ட மறுபடி போனியாம்மா?"

போயிருக்கிறாள், மூன்று தடவை. மூன்றாவது தடவை அவர் கடையையே மாற்றிக்கொண்டு போயிருந்தாராம். சுருக்கத்தில் அதைச் சேர்க்கவில்லை. இன்டர்வியூவில் கேட்கப்போகிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஜூலையில் சத்துவாச்சாரியில் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸில் இன்டர்வியூ. ஏரியா மேனேஜர் போனில் அவள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார். பி.காம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "ஏழு சொல்லி ஆறு வந்துச்சுன்னு போட்டிருக்கீங்க, அந்த ஏழாவது என்னாச்சு?" என்று ஆரம்பித்திருக்கிறார்.